ஃபர்ம்வேர் கமிட்: தமிழில் எப்படிச் சொல்வது?

கலைச்செல்வி:
வணக்கம். கல்லூரி ஆய்வகப் பணியாளர்களுக்காக, எஸ்எஸ்டிக்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பது பற்றிய கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இந்த இரண்டு வரிகளில் சிக்கிக்கொண்டேன்:

```
nvme fw-download /dev/nvme0 --fw=new.bin
nvme fw-commit /dev/nvme0 --slot=2 --action=1
```

முதலாவதைப் "பதிவிறக்கு" என்றும் இரண்டாவதை "நிறுவு" என்றும் எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தவர் இரண்டையும் அடித்துவிட்டார். என்ன சொல்லலாம்?

இளங்கோவன்:
இரண்டாவதற்கு "அமர்த்து" என்ற நல்ல சொல் இருக்கிறதே அம்மா. பணியில் அமர்த்துகிறோம், இருக்கையில் அமர்த்துகிறோம். தொல்காப்பிய உரியியல் "அமர்தல் மேவல்" என்கிறது. பொருந்தி விரும்பி இருத்தல் என்று பொருள். "அமர்" போரையும் குறிக்கும். இரு படைகள் நேருக்கு நேர் பொருந்துவதால் அப்படி வந்ததா, அது வேறு வேரா என்பது தனியே பேச வேண்டிய செய்தி. "நிறுவு" கட்டடத்துக்கும் சிலைக்கும் போகட்டும்.

ரிஸ்வான்:
ஐயா, எங்கள் ஊர்ப் பக்கம் விளக்கை அமர்த்து என்றால் அணைத்துவிடு என்று அர்த்தம். ஃபர்ம்வேர் ஏறும்போது "அமர்த்து" என்று படித்த பையன் சுவிட்சை அணைத்துவிட்டால்? "கமிட்" என்றே போடுங்கள், எல்லாருக்கும் புரியும். அப்புறம், இது பெரிய விஷயமே இல்லை. யூபிஎஸ்ஸில் போட்டுவிட்டால் போதும். மின்சாரம் போவதுதான் ஒரே ஆபத்து.

செல்வம்:
நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் "கமிட்" என்பதற்கு "ஒப்புவி" என்று நாம் ஏற்கெனவே முடிவு செய்தோமே? அதையே இங்கும் போடலாம். இன்னொரு சந்தேகம்: மடிக்கணினியிலிருந்து கழற்றிய எஸ்எஸ்டியை யூஎஸ்பி உறையில் போட்டு வைத்திருக்கிறேன். தயாரிப்பாளரின் புதுப்பிப்பு மென்பொருள் அதைக் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறது. டிரைவ் போய்விட்டதா?

ஜெயராஜ்:
செல்வம் அண்ணே, டிரைவ் நன்றாகவே இருக்கலாம். பல யூஎஸ்பி உறைகள் ஃபர்ம்வேர் கட்டளைகளை உள்ளே கடத்துவதில்லை. கணினிப் பலகையில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். கிட் கமிட் வேறு விஷயம், கலக்க வேண்டாம்.

சொல்லைத் தேடும் முன் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். `fw-download` இணையத்திலிருந்து எதையும் இறக்குவதில்லை. கோப்பு ஏற்கெனவே நம் கணினியில் இருக்கிறது. அதைத் துண்டு துண்டாக டிரைவின் கட்டுப்படுத்திக்கு அனுப்புகிறது, அவ்வளவுதான். எதுவும் பதிவாவதில்லை, எனவே "பதிவிறக்கு" இரண்டு விதத்தில் தவறு. இந்தக் கட்டத்தில் மின்சாரம் போனால் பழைய ஃபர்ம்வேர் அப்படியே இருக்கும். மறுபடி அனுப்பினால் போதும்.

`fw-commit`தான் அதை ஒரு ஸ்லாட்டில், அதாவது டிரைவுக்குள் ஃபர்ம்வேர் பதிப்பு ஒன்றை வைக்கும் இடத்தில், எழுதுகிறது. என்விஎம்ஈ தரத்தில் ஏழு ஸ்லாட் வரை இருக்கலாம். டிரைவுக்கு டிரைவ் எண்ணிக்கை மாறும். சிலவற்றில் முதல் ஸ்லாட்டில் எழுத முடியாது, தொழிற்சாலைப் பதிப்பு அங்கே பத்திரமாக இருக்கும். ஒரே ஸ்லாட் உள்ள டிரைவில் எழுதும் நடுவே மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பது தயாரிப்பாளர் எப்படிச் செய்து வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. அங்கேதான் பயம்.

எழுதியதும் புதியது ஓடத் தொடங்குவதில்லை. `--action=1` என்றால் எழுதி வை, அடுத்த ரீசெட்டில் இதற்கு மாறு என்று பொருள். `nvme fw-log /dev/nvme0` அடித்துப் பாருங்கள். `afi : 0x21` என்று வந்தால் இப்போது ஓடுவது ஸ்லாட் 1, அடுத்த ரீசெட்டுக்குப் பின் ஓடப்போவது ஸ்லாட் 2. கலைச்செல்வி "நிறுவு" என்று எழுதினால், கட்டளை முடிந்ததுமே வேலை முடிந்தது என்று படிப்பவர் நினைப்பார். பழைய பதிப்பு எண்ணே காட்டுகிறதே என்று மறுபடி மறுபடி அடிப்பார்.

ரிஸ்வான்:
சரி, ரீசெட் ஆனதும் முடிந்ததுதானே? அதற்கு ஏன் இவ்வளவு கவலை?

ஜெயராஜ்:
முடியவில்லை, தம்பி. எந்தத் தகவல் எந்தச் சில்லில் இருக்கிறது என்ற அட்டவணை ஒன்று டிரைவுக்குள் இருக்கிறது. புதிய ஃபர்ம்வேர் முதன்முதலாக எழும்போது அதை வாசிக்க வேண்டும். தேவைப்பட்டால் புது வடிவுக்கு மாற்றவும் செய்யலாம். முதல் பூட் மெதுவாக இருக்கிறதே என்று பவர் பொத்தானை அழுத்திப் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அட்டவணை சிதைந்தால், தகவல் சில்லில் இருந்தும் எடுக்க வழியில்லை. 2011இல் இன்டெல் 320 வரிசை டிரைவ்கள் மின்தடைக்குப் பின் தங்கள் கொள்ளளவு 8 எம்பி என்று காட்டின. அதைத் தடுக்கப் புது ஃபர்ம்வேர் வந்தது, ஆனால் ஏற்கெனவே 8 எம்பி ஆனவற்றின் தகவலை அது மீட்கவில்லை.

யூபிஎஸ் வேண்டும்தான். ஆனால் நடுவே கணினி தூங்கப் போனால் யூபிஎஸ் என்ன செய்யும்? ஸ்லீப்பை முதலில் நிறுத்துங்கள். மடிக்கணினியானால் பேட்டரியில் சார்ஜ் இருக்க வேண்டும், சார்ஜரும் செருகியிருக்க வேண்டும்.

கலைச்செல்வி:
இவ்வளவு ஆபத்து என்றால் ஏன் தொட வேண்டும்? எங்கள் ஆய்வகத்தில் "ஓடுகிறதைத் தொடாதே" என்கிறார்கள்.

ஜெயராஜ்:
பெரும்பாலும் நல்ல புத்திதான். ஆனால் 2019 நவம்பரில் எச்பிஈ சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை விட்டது. 32,768 மணி நேரம் ஓடியதும் டிரைவ் செத்துவிடும். அதன்பின் டிரைவும் வராது, தகவலும் வராது. தீர்வு புது ஃபர்ம்வேர்தான். 32,768 என்பது 2இன் 15ஆம் அடுக்கு, கிட்டத்தட்ட மூன்றே முக்கால் வருடம். ஒரே நாளில் வாங்கி ஒன்று போனாலும் மற்றது தாங்கும் என்று ஒரே ரெய்டில் போட்ட டிரைவ்கள் ஒரே சமயத்தில் போகும். ரெய்டை நம்பிக் காப்பு நகல் எடுக்காதவர் கதி என்ன?

அதனால் கையேட்டில் முதல் வேலையாகக் காப்பு வரட்டும். வேறு டிரைவில் எடுத்து, அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்தும் பார்க்கச் சொல்லுங்கள். பிட்லாக்கர் இருந்தால் மீட்புச் சாவியை அதே கணினியில் வைக்காதிருக்கச் சொல்லுங்கள். அடுத்து `smartctl -a /dev/nvme0`. அதில் `Media and Data Integrity Errors` ஏறிக்கொண்டே வந்தால் புதுப்பிப்பை மறந்துவிட்டுத் தகவலை வெளியே எடுக்கட்டும். ஆய்வகத்தில் ஒரு கணினியில் மட்டும் செய்து, சில நாள் ஓடவிட்டு மற்றவற்றைத் தொடலாம்.

இளங்கோவன்:
விளக்கம் நன்று. அமர்த்து ஆபத்து என்றால் விட்டுவிடுகிறேன். ஆனால் ஃபர்ம்வேர் என்று எழுதுவதற்கு உடன்பட மாட்டேன். "நிலைபொருள்" இருக்கிறது.

ரிஸ்வான்:
"நிலைப்பொருள்" ஐயா. நிலைக்கண்ணாடி, நிலைக்கதவு போல வல்லினம் மிக வேண்டாமா?

இளங்கோவன்:
அங்கே நிலை பெயர்ச்சொல். இங்கே நிலைத்தல் என்ற வினையின் பகுதி. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாயை ஊறுக்காய் என்பீர்களா?

செல்வம்:
ஆனால் புதுப்பிக்கக்கூடிய பொருளை நிலைத்த பொருள் என்று எப்படிச் சொல்வது?

கலைச்செல்வி:
நன்றி எல்லாருக்கும். முதல் கட்டளைக்கு "டிரைவுக்கு அனுப்பு", இரண்டாவதற்கு "ஸ்லாட்டில் எழுது", ரீசெட்டில் நடப்பதற்குப் "புதியதற்கு மாறு" என்று போடுகிறேன். தலைப்பில் நிலைபொருள், உள்ளே ஃபர்ம்வேர். நேரமில்லை.

ஜெயராஜ்:
எனக்குச் சம்மதம்.

ரிஸ்வான்:
எனக்கும். ஆனால் ப் வேண்டும்.

இளங்கோவன்:
"எழுது" என்பது எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டது. சாதாரணக் கோப்பையும் டிரைவில் எழுதத்தானே செய்கிறோம்? "பதி" என்றாவது வைத்திருக்கலாம். என் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறேன்.

செல்வம்:
பலகையில் செருகிவிட்டேன், மென்பொருள் இப்போது டிரைவைக் காட்டுகிறது. காப்பு எடுக்க இன்னொரு டிரைவ் இல்லை. நாளை வாங்கிய பிறகே புதுப்பிப்பேன்.