புதுப்பிப்பு: ஆகஸ்டில் திரும்பினேன், அதற்கு முந்தைய சம்பளத்துக்கு இந்தியாவில் வரி உண்டா?

முதலில் கேட்டது: "எட்டு வருஷம் வெளிநாட்டில் வேலை. ஆகஸ்ட் 1 அன்று நிரந்தரமாக இந்தியா வந்துவிட்டேன். ஏப்ரல் முதல் ஜூலை வரை வாங்கிய சம்பளத்துக்கு இங்கே வரி கட்டணுமா?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "182 நாள் தாண்டினால் ரெசிடென்ட், உலகச் சம்பளம் முழுக்க வரி" என்றார் ஒருவர். முதல் பாதி சரி: மார்ச் 31 வரை எனக்கு 243 நாள் வருகிறது. இரண்டாம் பாதியை ஆடிட்டர் திருத்தினார். முந்தைய ஏழு நிதியாண்டுகளில் இந்தியாவில் இருந்தது மொத்தம் 729 நாளுக்குள் என்றால் ஆர்.என்.ஓ.ஆர். நிலை, அதாவது ரெசிடென்ட்தான், ஆனால் சாதாரண ரெசிடென்ட் இல்லை. நான் வருஷத்துக்கு ஒரு மாத விடுமுறைதான் வந்தேன், அதனால் தாராளமாக உள்ளே. அங்கே உழைத்து, அங்குள்ள கணக்கில் வாங்கிய சம்பளத்துக்கு இங்கே வரியில்லை. பிறகு அதை இங்கே அனுப்பினாலும் அப்படியே.

சிக்கல் கடைசி செட்டில்மென்ட் தொகையில். கம்பெனி அதை நேராக என் இந்தியக் கணக்கில் போடுவதாகச் சொல்கிறது. முதல் முறையாகக் கைக்கு வருவது இந்தியாவில் என்றால் ஆர்.என்.ஓ.ஆருக்கும் வரி உண்டாம். பழைய கணக்கை மூடாமல் வைத்திருக்கிறேன். அதற்கே அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.

கப்பலில் வேலை செய்யும் நண்பருக்கு: உங்கள் நாள் கணக்குக்குத் தனி விதி, இதை வைத்துப் பார்க்காதீர்கள்.

ரிட்டர்னுக்கு ITR-1 ஆகாது, ITR-2. பாஸ்போர்ட் முத்திரைப் பக்கங்களை ஸ்கேன் செய்து வைத்துவிட்டேன்.