அன்சப்ஸ்கிரைப் குறைகிறது, ஸ்பேம் புகார் ஏறுகிறது: எந்த எண்ணை நம்புவது?

மடல்காரி

தனியாக வேலை செய்பவர்களுக்கான பில் போடும் மென்பொருள் ஒன்றுக்கு வாராந்திர மெயில் அனுப்புவது என் வேலை. லிஸ்டில் 42,000 முகவரிகள். இரண்டு மாதத்துக்கு முன்பு அன்சப்ஸ்கிரைப் 0.5 சதவீதம் இருந்தது, இப்போது 0.19. மெயில் அனுப்பும் சேவையின் டேஷ்போர்டில் ஸ்பேம் புகார் 0.02 சதவீதம் என்று பச்சை நிறத்தில் காட்டுகிறது. சந்தோஷமாக இருந்தேன்.

நேற்று கூகுள் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸை முதல் தடவையாகத் திறந்து பார்த்தால் அங்கே 0.34. ஒரே மெயிலுக்கு இரண்டு இடத்தில் இரண்டு எண். எது பொய்? அன்சப்ஸ்கிரைப் குறைந்திருக்கும்போது புகார் எப்படி ஏறும்?

கீபோர்டு குமார்

தெரியாத இடத்திலிருந்து மெயில் வந்தால் அன்சப்ஸ்கிரைப் லிங்கை அழுத்தவே கூடாது. அழுத்தினால் உங்கள் முகவரி உயிரோடு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். பேசாமல் Report spam போட்டுவிட்டுப் போங்கள்.

மடல்காரி

குமார், மெயில் எனக்கு வரவில்லை, நான்தான் அனுப்புகிறேன். :) ஆனால் என் லிஸ்டில் உள்ளவர்களும் இதையேதான் நினைக்கிறார்களோ என்று இப்போது வயிற்றைக் கலக்குகிறது.

தரவு ராஜா

0.5க்குக் கீழே அன்சப்ஸ்கிரைப் இருந்தால் லிஸ்ட் நன்றாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். அதைத் தொடாதீர்கள். இது டிகிம், அதாவது மெயிலில் வைக்கும் டிஜிட்டல் கையெழுத்துப் பிரச்சினையாக இருக்கும். அனுப்புநர் உண்மையானவர்தானா என்று சோதிக்க உதவும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் சரிபாருங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாகூவும் மொத்தமாக அனுப்புபவர்களிடம் இதைக் கண்டிப்பாகக் கேட்கின்றன.

பழைய அஞ்சல்காரன்

ராஜா சொல்லும் விதி சரி, நோய் வேறு. போஸ்ட்மாஸ்டரில் புகார் விகிதம் கணக்கில் வருவதே டிகிம் கையெழுத்து சரியாக உள்ள மெயில்களுக்குத்தான். அங்கே எண் தெரிகிறது என்றாலே கையெழுத்து வேலை செய்கிறது.

மடல்காரி, இரண்டு எண்ணுமே பொய் இல்லை. வகுக்கும் எண்தான் வேறு. உங்கள் 42,000 முகவரிகளில் ஜிமெயில் எத்தனை, யாகூ, அவுட்லுக் எத்தனை, கம்பெனி முகவரிகள் எத்தனை? கடைசி மெயிலுக்கு டேஷ்போர்டில் விழுந்த புகார் எத்தனை? சதவீதம் வேண்டாம், தலைக் கணக்கு சொல்லுங்கள்.

மடல்காரி

ஜிமெயில் சுமார் 30,000. யாகூ, அவுட்லுக் சேர்த்து 7,000. மீதி 5,000 கம்பெனி முகவரிகள். புகார் 8.

பழைய அஞ்சல்காரன்

சரி, இப்போது பாருங்கள். யாகூவிலோ அவுட்லுக்கிலோ ஒருவர் ஸ்பேம் என்று அழுத்தினால், அந்தத் தகவல் அனுப்பும் சேவைக்குத் திரும்பி வரும். ஜிமெயில் அப்படி ஆள் வாரியாகச் சொல்வதில்லை, போஸ்ட்மாஸ்டரில் மொத்த விகிதத்தை மட்டும் காட்டும். ஆக அந்த 8 புகாரும் 7,000 பேரிடமிருந்து வந்தவை. உங்கள் டேஷ்போர்டு அதை 42,000ஆல் வகுத்து 0.02 என்கிறது. 7,000ஆல் வகுத்தால் 0.11. ஆறு மடங்கு. பச்சை நிறம் போய்விட்டதா?

ஜிமெயில் அனுப்புபவர்களிடம் கேட்பது 0.10க்குக் கீழே இருங்கள், 0.30ஐத் தொடவே தொடாதீர்கள் என்று. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். 30,000 மெயிலும் இன்பாக்ஸுக்குப் போயிருந்தால் 0.34 என்பது ஏறக்குறைய 100 பேர்.

இன்னொன்று. போஸ்ட்மாஸ்டர் இன்பாக்ஸில் விழுந்த மெயில்களை வைத்துத்தான் வகுக்கிறது. ஜிமெயில் கோபப்பட்டு உங்கள் மெயிலை ஸ்பேம் ஃபோல்டருக்குத் தள்ள ஆரம்பித்தால், அங்கே யாரும் பார்ப்பதில்லை, அதனால் புகாரும் இல்லை. விகிதம் இறங்கும். குணமாகிவிட்டது என்று ஏமாந்து போவீர்கள். அதனால் பக்கத்திலேயே ஜிமெயில் முகவரிகளின் கிளிக் எண்ணிக்கையையும் வைத்துப் பாருங்கள். புகாரும் கிளிக்கும் சேர்ந்து இறங்கினால் அது நல்ல செய்தி இல்லை. ஓப்பன் ரேட்டை இதற்கு நம்பாதீர்கள். 2021இல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதி, ஆள் திறக்காத மெயிலையும் திறந்ததாகக் காட்டும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அன்சப்ஸ்கிரைப் 0.5இலிருந்து பாதிக்கும் கீழே விழுந்தது என்றைக்கு? அந்த வாரம் எதை மாற்றினீர்கள்?

மடல்காரி

டெம்ப்ளேட்டை மாற்றினோம். அன்சப்ஸ்கிரைப் லிங்க் இப்போது "விருப்பங்கள்" பக்கத்துக்குப் போகும், அங்கே எந்த வகை மெயில் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். எழுதும்போதே உறைக்கிறது: அந்தப் பக்கத்துக்கு லாகின் வேண்டும். லிஸ்டில் பெரும்பாலானவர்களுக்குக் கணக்கே கிடையாது.

பழைய அஞ்சல்காரன்

கதவைப் பூட்டிவிட்டு யாரும் வெளியே போகவில்லை என்று மகிழ்ந்திருக்கிறீர்கள். வெளியேற வழி தெரியாதவர் மேலே இருக்கும் ஸ்பேம் பட்டனைத்தான் அழுத்துவார். அது எப்போதும் அதே இடத்தில் இருக்கும், லாகின் கேட்காது.

மெயில் ஹெடரில் இந்த இரண்டு வரியும் இருக்கிறதா என்று பாருங்கள். ஜிமெயிலில் "Show original" திறந்தால் தெரியும்.

```
List-Unsubscribe: <https://example.com/u/abc123>
List-Unsubscribe-Post: List-Unsubscribe=One-Click
```

இரண்டும் இருந்தால்தான் அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் வரும் பட்டனை ஒரே தட்டில் அழுத்திப் போய்விடலாம். ராஜா சொன்ன டிகிம் இங்கேதான் முக்கியம்: கையெழுத்து இந்த இரண்டு வரிகளையும் சேர்த்து மூட வேண்டும். விலகச் சொன்னவரை இரண்டு நாளுக்குள் நீக்கவும் வேண்டும்.

இரவுப்பூனை

நடுவில் என் கதை. எங்களுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. மெயில் போன 20 நொடிக்குள் கம்பெனி முகவரிகளிலிருந்து கொத்தாக அன்சப்ஸ்கிரைப். ஒருவர் போன் செய்து "ஏன் என்னை நீக்கினீர்கள்" என்றே கேட்டார். கடைசியில் பார்த்தால், அவர்கள் அலுவலகத்தின் பாதுகாப்பு மென்பொருள் மெயிலில் உள்ள எல்லா லிங்கையும் தானே திறந்து பார்க்கிறது. நாங்கள் லிங்கைத் திறந்தாலே நீக்கும்படி வைத்திருந்தோம்.

பழைய அஞ்சல்காரன்

நல்ல நேரத்தில் சொன்னீர்கள். லிங்கைத் திறப்பது மட்டும் யாரையும் நீக்கக் கூடாது. திறந்த பக்கத்தில் ஒரே ஒரு பட்டன், லாகின் இல்லாமல். ஹெடரில் உள்ள முகவரிக்கு POST வந்தால் மட்டும் உடனே நீக்கலாம்.

ஆனால் மடல்காரி, பூட்டிய கதவு பாதிக் காரணம்தான். வெளியேற இத்தனை பேர் ஏன் துடிக்கிறார்கள்? முகவரி எங்கிருந்து வந்தது என்பதை வைத்து அந்த 0.19ஐப் பிரித்துப் பாருங்கள்.

மடல்காரி

பிரித்தேன். இரவெல்லாம் எக்செல்.

எங்கள் தளத்தின் ஃபார்மில் தாங்களே சேர்ந்தவர்கள் 26,000, விலகியவர்கள் 22. பணம் கட்டிய வாடிக்கையாளர்கள் 7,000, விலகியவர்கள் 6. இரண்டுமே 0.09 சதவீதத்துக்குள். வேறொரு நிறுவனத்தோடு சேர்ந்து நடத்திய வெபினாரில் வந்தவர்கள் 9,000, விலகியவர்கள் 52. அதாவது 0.58. திரும்பி வந்த 8 புகாரில் 7 பேர் இந்தக் கூட்டம்.

தரவு ராஜா

8 புகாரை வைத்து முடிவு எடுக்க முடியாது, மாதிரி ரொம்பச் சின்னது.

பழைய அஞ்சல்காரன்

8ஐ மட்டும் வைத்து என்றால் ஒப்புக்கொள்கிறேன். 52ம் அதே திசையைக் காட்டுகிறதே? மொத்த சராசரி 0.19 என்பது இந்த மூன்று கூட்டத்தில் எதற்குமே பொருந்தாத எண் என்பதைக் கவனியுங்கள்.

அந்த 52 பேர் எத்தனையாவது மெயிலில் போனார்கள்? முதல் இரண்டு மெயிலிலேயே என்றால், அவர்கள் உங்களை எதிர்பார்க்கவே இல்லை, தவறு சேர்த்த இடத்தில். ஆறு மாதம் படித்துவிட்டுப் போனால், நீங்கள் எழுதுவதோ எழுதும் வேகமோ அவர்களுக்கு ஒத்துவரவில்லை. முதலாவதை எவ்வளவு நன்றாக எழுதினாலும் சரிசெய்ய முடியாது.

மடல்காரி

38 பேர் முதல் இரண்டு மெயிலில். அப்புறம் அந்த வெபினாரின் பதிவுப் பக்கத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். மேலே அவர்கள் லோகோ, பெரியதாக. எங்கள் பெயர் நிபந்தனைகளுக்குள், "பங்குதாரர்களும் தொடர்புகொள்ளலாம்" என்ற வரிக்கு அடுத்து. அதற்கான கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருந்தார்கள். வெபினார் தலைப்பு வரி தாக்கல். நாங்கள் அனுப்பியது இன்வாய்ஸ் டிசைன். என் இன்பாக்ஸில் இது வந்திருந்தால் நானும் Report spam தான்.

இரவுப்பூனை

அப்படியானால் 9,000 பேரையும் தூக்கிவிடுங்கள். "தொடர விருப்பமா" என்று கேட்டு அனுப்பும் மெயிலே இன்னொரு புகார் அலையைக் கொண்டுவரும். எங்களுக்கு வந்தது.

பழைய அஞ்சல்காரன்

எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஒரு தடவையாவது கிளிக் செய்தவர்களை வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு வாராந்திர மெயிலை நிறுத்துங்கள். கேட்டு அனுப்புவதானால், 0.34 இறங்கிய பிறகு, சில நூறு பேராக.

மடல்காரி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். லாகினை எடுத்தோம், ஹெடரில் இரண்டாவது வரி இல்லாமல் இருந்தது, சேர்த்தோம். 9,000 பேரையும் இப்போதைக்கு ஒதுக்கி வைத்தோம். 33,000 பேருக்குப் போன மெயிலில் 139 பேர் விலகினார்கள், 0.42 சதவீதம். மேலதிகாரி "இரண்டு மடங்கு ஆகிவிட்டதே" என்றார். போஸ்ட்மாஸ்டரைக் காட்டினேன்: 0.34 இப்போது 0.12. ஜிமெயில் கிளிக்குகள் குறையவில்லை, அதனால் ஸ்பேம் ஃபோல்டர் மாயம் இல்லை என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வாராந்திர மெயில் அனுப்புவதே இல்லை. அன்றைக்கு 0.9 என்று ஒரு கோடு எகிறி நிற்கிறது.

பழைய அஞ்சல்காரன்

அன்று வரவேற்பு மெயில், ரசீது என்று சில நூறு போயிருக்கும். வியாழக்கிழமை மெயிலை ஞாயிறு சாவகாசமாகத் திறந்து சிலர் புகார் செய்திருப்பார்கள். குறைந்த மெயிலோடு அந்தப் புகார்கள் சேர்ந்தால் கோடு எகிறும், எனக்கும் பார்த்த அனுபவம் உண்டு. ஆனால் வரவேற்பு மெயிலிலேயே கோளாறு இருந்தாலும் இதே கோடுதான் வரும். இரண்டு வாரம் வரவேற்பு மெயிலை வேறு துணை டொமைனிலிருந்து, அதன் பெயரிலேயே டிகிம் கையெழுத்தோடு அனுப்பிப் பாருங்கள், போஸ்ட்மாஸ்டரில் தனியாகத் தெரியும்.

தரவு ராஜா

0.12 இன்னும் 0.10க்கு மேலேதான்.

மடல்காரி

தெரியும் ராஜா. அடுத்து 26,000 பேரை எந்த ஃபார்ம், எந்த மாதம் என்று பிரிக்கப் போகிறேன். தள்ளுபடி பாப்-அப்பில் வந்தவர்கள் மேல் ஒரு சந்தேகம் இருக்கிறது.