உதவி: 1 மணி 50 நிமிடக் கூட்டப் பேச்சை மினிட்ஸா எழுதணும், நானே எதையும் சேர்த்துடாம

புதுச் செயலாளர் (கேட்டவர்)

எங்க அடுக்குமாடிச் சங்கத்துக்குப் போன மாசம்தான் செயலாளர் ஆனேன். 48 வீடு. கமிட்டிக் கூட்டத்தைப் போன்ல ரெக்கார்ட் பண்ணி எழுத்தாக்கினதில் 23 பக்கம் வந்திருக்கு. லிஃப்ட் ஏ.எம்.சி.யில ஆரம்பிச்சு, நடுவுல நாய்ச் சண்டை, பெயின்டிங், மறுபடி லிஃப்ட், தண்ணி லாரி, கடைசியில திரும்பவும் லிஃப்ட்.

நான் எழுதினதைப் பொருளாளர்கிட்ட காட்டினேன். "இதெல்லாம் நாம பேசவே இல்லையே"ன்னார். லிஃப்ட் பகுதி மட்டும் போடறேன். பேச்சு இது:

> (12வது நிமிடம்) பொருளாளர்: ரெண்டு கொட்டேஷன் வந்திருக்கு, இந்தாங்க பாருங்க. ஒண்ணு அறுபத்தெட்டு, இன்னொண்ணு எழுபத்தி நாலு.
> (47) தலைவர்: அந்த எழுபத்திரெண்டுக்காரன் போன தடவை ஆளே அனுப்பலையே.
> (96) தலைவர்: சரி, குறைச்ச ரேட்டுக்கே கொடுத்துடலாம். ஆனா பேட்டரி அதுல சேருமான்னு கேட்டுட்டு.
> ஒரு குரல்: நான் பேசறேன்.
> இன்னொரு குரல்: வெள்ளிக்குள்ள சொல்லிடுங்க.

நான் எழுதினது:

> குறைந்த விலைப்புள்ளியான ரூ.68,000-க்கு (ஜி.எஸ்.டி. உட்பட) லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் வழங்க ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. செயலாளர் ஒரு வாரத்துக்குள் ஒப்பந்தத்தை முடிப்பார்.

இதில என்ன தப்பு? சுருக்கமாத்தானே எழுதியிருக்கேன்?

மூணாவது மாடி

ரெக்கார்டிங்கை எழுத்தாக்க எந்த ஆப் யூஸ் பண்ணீங்க? எனக்குத் தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசினா பாதி வரியே காணோம்.

கேட்டவர்

அது இல்லைங்க என் பிரச்சினை. எழுத்து வந்துடுச்சு, அதுக்கப்புறம்தான் சிக்கல்.

கணக்குப் பிள்ளை

பெரிய தப்பு ஒண்ணும் இல்லை. யாரும் எதிர்க்கலைன்னா "ஒருமனதாக"தான். ஆடிட்டருக்கும் அந்த வார்த்தை பிடிக்கும். ஜி.எஸ்.டி. மட்டும் எடுத்துடுங்க, அது யாரும் சொல்லலை. மத்தபடி ஓகே.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்

ஜி.எஸ்.டி. பற்றிச் சொன்னது சரி. மற்றதை ஏற்க முடியவில்லை. நகராட்சி அலுவலகத்தில் இருபது வருடம் தீர்மானப் புத்தகம் எழுதியவன் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டு வரிகளில் பேசாத விஷயங்கள் நான்கு வந்திருக்கின்றன. ஜி.எஸ்.டி. ஒன்று. "ஒருமனதாக" இரண்டு. வாக்கோ கைதூக்கலோ நடக்கவில்லை. தலைவர் சொன்னார், மற்றவர்கள் பேசவில்லை. பேசாமல் இருந்ததை ஒப்புதல் என்று எழுத நமக்கு யார் உரிமை கொடுத்தது? "தீர்மானிக்கப்பட்டது" என்பதோடு நிறுத்துங்கள். மூன்றாவது, "செயலாளர்". "நான் பேசறேன்" என்றது நீங்களா? நான்காவது, "ஒரு வாரம்". அவர்கள் சொன்னது வெள்ளி. அதுவும் பேட்டரி பற்றிக் கேட்டுச் சொல்வதற்கான கெடு. ஒப்பந்தம் முடிக்க யாரும் கெடு வைக்கவே இல்லை.

சேர்த்ததை விட மோசம், விட்டது. "பேட்டரி சேருமான்னு கேட்டுட்டு" என்பதுதான் அந்த முடிவின் உயிர். மின்சாரம் போனால் லிஃப்டை அடுத்த தளத்தில் கொண்டுபோய் நிறுத்துகிற பேட்டரியைச் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்பதால் அதையும் எழுதக்கூடாது. "பேட்டரி" என்று மட்டும் எழுதுங்கள். நிபந்தனையை விட்டுவிட்டால், நாளை யாராவது உங்கள் மினிட்ஸைக் காட்டி நேரே கையெழுத்துப் போட்டுவிடலாம்.

கேட்டவர்

"நான் பேசறேன்"னது உதவித் தலைவர் குரல் மாதிரி இருக்கு. உறுதியாச் சொல்ல முடியலை. அப்புறம் 68-ஆ, 72-ஆ, 74-ஆ?

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்

குரல் யாருடையது என்று அவரிடமே கேளுங்கள். "96வது நிமிடத்தில் பேசறேன்னது நீங்கதானே?" என்று ஒரு வரி அனுப்பினால் போதும். நடந்ததை உறுதி செய்துகொள்வது புதிதாகச் சேர்ப்பது ஆகாது. ஆனால் "இதை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டுவிடாதீர்கள். அது கூட்டம் முடிந்தபின் வேலை பிரித்துக் கொடுப்பது. அவர் இல்லை என்றால் "பொறுப்பாளர் பெயர் குறிப்பிடப்படவில்லை" என்றே எழுதுங்கள். அந்தக் காலியிடம் அடுத்த கூட்டத்தில் தானாக நிரம்பும்.

எண்ணுக்கு முதலில் ஒலியைக் கேளுங்கள். எழுத்தாக்கத்தில் அதிகம் பிசகுவது எண்கள்தான். பொருளாளர் தாளைக் கையில் கொடுத்திருக்கிறார் ("இந்தாங்க பாருங்க"). அப்படியானால் அது கூட்டத்தில் வைக்கப்பட்ட ஆவணம், அதைப் பார்த்துத் தொகை எழுதலாம். 72 என்று தலைவர் வாய்தவறிச் சொல்லியிருக்கலாம். விவாதக் குறிப்பில் அந்த எண்ணே தேவையில்லை.

வட்டத் தலைவி

எங்க மகளிர் குழுவில இதே கதைதான். கடன் யாருக்குன்னு பேசினோம், "அவங்களுக்கே குடுத்துடலாம்"னு எழுதி வெச்சுட்டாங்க. மூணு மாசம் கழிச்சுப் பார்த்தா "அவங்க" யாருன்னு யாருக்கும் தெரியலை. இப்பல்லாம் கூட்டம் முடியறதுக்குள்ளயே தீர்மானத்தைச் சத்தமாப் படிச்சுக் காட்டி, அப்புறம்தான் கையெழுத்து. உங்களுக்கு அது லேட்டு, அடுத்த தடவைக்கு வெச்சுக்குங்க.

கணக்குப் பிள்ளை

72-ஐ விடறது எனக்கு ஒப்பலை. தலைவர் வேற ஆளை மனசுல வெச்சு "குறைச்ச ரேட்"னு சொல்லியிருந்தா? மூணாவது கொட்டேஷன் ஒண்ணு இருந்திருக்கலாமே.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்

நியாயமான கேள்வி, நான் அதை யோசிக்கவில்லை. அப்படியானால் முடிவில் தொகையே வேண்டாம். அவர் சொன்னபடி "குறைந்த விலைப்புள்ளி" என்று விடுங்கள். தொகைகள் விவாதத்தில் மட்டும் வரட்டும்.

இன்னொன்று. எழுதி முடித்தபின் இருவழிச் சோதனை செய்யுங்கள். மினிட்ஸின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் நிமிட எண்ணைப் பென்சிலால் குறியுங்கள். எண் போட முடியாத வாக்கியம் உங்களுடையது, அடித்துவிடுங்கள். பிறகு எழுத்தாக்கத்தில் "சரி", "பண்ணிடலாம்", "நான் பாத்துக்கறேன்" என்ற சொற்களைத் தேடி, ஒவ்வொன்றும் மினிட்ஸில் எங்கே போனது என்று பாருங்கள். லிஃப்ட் மாதிரி மூன்று இடத்தில் சிதறினதை ஒரே தலைப்பில் சேர்க்கலாம். தலைப்பு நம்முடையதாக இருந்தாலும் தவறில்லை, அதற்குக் கீழே வருவதுதான் அவர்களுடையதாக இருக்கவேண்டும்.

கேட்டவர்

தேடிப் பார்த்தேன். பெயின்டிங்கை "பொங்கலுக்குள் முடிக்கத் தீர்மானம்"னு எழுதியிருக்கேன். உண்மையில ஒருத்தர் "பொங்கலுக்கு முன்னாடி அடிச்சுட்டா நல்லா இருக்கும்ல"ன்னார், நாலு பேர் "ஆமா ஆமா"ன்னாங்க, அவ்வளவுதான். "விவாதிக்கப்பட்டது, முடிவு எடுக்கப்படவில்லை"ன்னு மாத்திட்டேன். தண்ணி லாரியில நான் சேர்த்தது ஒண்ணும் இல்லை.

உதவித் தலைவர் "ஆமா, நான்தான்"னு பதில் போட்டார். ஒலியிலயும் 72-ன்னுதான் கேக்குது. லிஃப்ட் இப்போ இப்படி:

> பொருள் 1: லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம்
> விவாதம்: பொருளாளர் ரூ.68,000, ரூ.74,000 என இரண்டு விலைப்புள்ளிகளை முன்வைத்தார் (இணைப்பு 1, 2). ஒரு நிறுவனம் முன்பு ஆள் அனுப்பவில்லை எனத் தலைவர் குறிப்பிட்டார்.
> முடிவு: பேட்டரி சேருமா எனக் கேட்டறிந்தபின், குறைந்த விலைப்புள்ளிக்கு ஒப்பந்தம் வழங்கத் தீர்மானிக்கப்பட்டது.
> செயல்: பேட்டரி பற்றிக் கேட்டுத் தெரிவித்தல். பொறுப்பு: உதவித் தலைவர். கெடு: வெள்ளிக்கிழமை.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்

இது மினிட்ஸ். வெள்ளிக்குத் தேதி போடுங்கள், கூட்ட நாளுக்கு அடுத்து வரும் வெள்ளி என்பதில் சந்தேகம் இல்லையென்றால்.

கேட்டவர்

கூட்டம் நடந்ததே வெள்ளிக்கிழமை சார். 😐 அன்னிக்கா, அடுத்த வாரமான்னு வெள்ளின்னு சொன்னவர்கிட்டயே கேக்கறேன். நாய்ச் சண்டையில பேர் போடறதா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணலை. பொருளாளர் போடாதேங்கறார், நாயோட சொந்தக்காரர் போட்டே ஆகணும்ங்கறார்.