சுருக்கி எழுதியது நான்தான். கருவி ஏன் மறுக்கிறது?

நிலா: 1854 லண்டன் காலரா பற்றிய அத்தியாயம் ஒன்றை ஆங்கிலத்தில் 350 சொற்களில் சுருக்க வேண்டியிருந்தது. இரண்டு முறை படித்தேன். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு என் சொற்களிலேயே எழுதினேன். செயற்கை நுண்ணறிவு எழுதியதைக் கண்டுபிடிக்கும் கருவி 78 சதவீதம் என்று காட்டுகிறது. இது எப்படி நடக்கும்?

கயல்: எனக்கும் சென்ற ஆண்டு 34 சதவீதம் வந்தது. மேற்கோள்களுக்குக் குறி இட்டதும் குறைந்துவிட்டது. நீங்களும் மூலத்தின் வரிகள் எங்கே அப்படியே வந்திருக்கின்றன என்று பாருங்கள்.

செல்வராஜ்: இருபது வருடமாகக் கட்டுரை திருத்துகிறேன். பழி சொல்ல வரவில்லை, தங்கச்சி. ஆனால் 78 என்றால் நூற்றுக்கு 78 பங்கு வாய்ப்பு. அதை எளிதில் ஒதுக்க முடியாது.

மாறன்: கயல், உங்களுக்கு வந்தது வேறு அறிக்கை. அது மூலத்தோடு ஒப்பிட்டு ஒரே மாதிரியான வரிகளைத் தேடும். நிலா சொல்லும் கருவி மூலத்தைப் பார்ப்பதே இல்லை.

செல்வராஜ் ஐயா, டர்னிடின் போன்ற கருவிகளில் அந்த எண் வாய்ப்பைக் குறிப்பதில்லை. எழுத்தில் எத்தனை பங்கு எந்திர நடையில் இருப்பதாகக் கருவி கருதுகிறது என்பதையே குறிக்கிறது. அந்தக் கருத்தே தவறாக இருந்தால் 78-உம் தவறுதான்.

இத்தகைய கருவிகள் பெரும்பாலும் அடுத்த சொல்லை எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது என்றே அளக்கின்றன. நிலாவின் முதல் வரி ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும்: "1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் பரவிய காலராவில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர்." இதை வேறு எப்படி எழுதுவது? ஆண்டு, ஊர், நோய், எண்ணிக்கை எல்லாம் மூலம் தந்தவை. காலரா தண்ணீரால் பரவுகிறது என்று காட்டிய மருத்துவரின் பெயரில் "ஜான்" என்றதும் "ஸ்னோ" வந்தாக வேண்டும். நோயைப் பரப்பிய தண்ணீர்க் குழாய் இருந்த இடத்துக்கு "பிராட்" என்றதும் "தெரு". குழாயை எடுத்தால் கைப்பிடி. சுருக்கம் எழுதுபவர் தன் கருத்தை, நினைவை, கிளைக்கதையை விட்டுவிடுகிறார். ஊகிக்க முடியாத சொற்கள் பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கும். மிஞ்சுவது எல்லோரும் வந்து சேரும் வாக்கியங்கள். எந்திரமும் அங்கேதான் வந்து சேர்கிறது.

செல்வராஜ்: எண் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் என் வகுப்பில் நாற்பது பேரும் ஒரே பகுதியைத்தான் சுருக்கினார்கள். கருவி குறித்தது நான்கு பேரை மட்டும். மூலம்தான் காரணம் என்றால் நாற்பதும் மாட்டியிருக்க வேண்டாமா?

மாறன்: நல்ல கேள்வி ஐயா. பிழையும் தயக்கமும் நீளம் மாறும் வாக்கியங்களும் உள்ளவர்கள் தப்பிவிடுவார்கள். மாட்டுபவர்களில் இரண்டு வகையினர் இருக்கலாம். நன்றாகச் சுருக்கத் தெரிந்தவர்கள் ஒரு வகை; பாடமாகப் படித்த ஆங்கிலத்தில் அளவாக எழுதுபவர்கள் இன்னொன்று. 2023இல் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் ஆங்கிலத் தேர்வுக் கட்டுரைகளை ஏழு கருவிகளில் இட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேல் எந்திர எழுத்து என்று வந்தது. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளில் அப்படி ஆகவில்லை. அவை சுருக்கங்கள் அல்ல, கட்டுரைகள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கருவிகளும் அதன்பின் மாறியிருக்கின்றன. உங்கள் நால்வரும் எந்த வகை என்று நான் சொல்ல முடியாது. அவர்களில் ஒருவர் எந்திரத்தையே பயன்படுத்தியும் இருக்கலாம்.

கயல்: அப்படியானால் சொற்களை மாற்றிப் போட்டுவிடலாமே? எண் இறங்கிவிடும்.

மாறன்: இறங்கக்கூடும். ஆனால் காலராவுக்கு நிகரான சொல் எது? "கொள்ளை நோய்" என்று எழுதினால் பொருளே மாறிப்போகும். கருவிக்காகச் சுருக்கத்தைக் கெடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செல்வராஜ்: சொல்லை விடுங்கள், எதைத் தேர்ந்தெடுத்தார் என்று பாருங்கள். பக்கத்து மதுபான ஆலைத் தொழிலாளர்கள் பீர் குடித்ததால் தப்பினார்கள் என்பதையோ, தொலைவில் ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்த பெண்மணி அந்தக் குழாய்த் தண்ணீரை வரவழைத்துக் குடித்து இறந்தார் என்பதையோ ஒருவர் எடுத்து வைத்திருந்தால், படித்திருக்கிறார் என்று நான் நம்புவேன்.

மாறன்: மூலத்தில் இருந்தால் அவற்றை எந்திரமும் எடுக்கும் ஐயா. எழுதி முடித்த பக்கத்தை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது என்பதே என் கட்சி. நிலா, கைக்குறிப்பு இருக்கிறதா?

நிலா: இருக்கிறது அண்ணா. குழாயின் கைப்பிடியைக் கழற்றியதும் நோய் நின்றது என்று முதலில் எழுதியிருந்தேன். அதற்கு முன்பே இறப்புகள் குறையத் தொடங்கிவிட்டன என்று மூலத்தில் இருந்தது நினைவுக்கு வந்தது. புத்தகத்தைத் திறந்து சரிபார்த்து அந்த வரியை அடித்தேன். ஓரத்தில் பக்க எண்ணும் குறித்திருக்கிறேன்.

செல்வராஜ்: அந்தப் பக்கத்தைத்தான் முதலில் காட்ட வேண்டும், தங்கச்சி. என்னிடம் வந்திருந்தால் அடித்த வரியைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருப்பேன். ஆனால் கருவியே வேண்டாம் என்பதை நான் இன்னும் ஏற்கவில்லை, மாறன். நாற்பது பேரையும் உட்காரவைத்துப் பேச எனக்கு நேரம் ஏது?

மாறன்: நாற்பது பேர் வேண்டாம் ஐயா. அந்த நான்கு பேருடன் பேசினீர்களா?