பால்மர வரி இருக்கட்டுமா, போகட்டுமா?

பாலம்தாண்டி (பட்டர்வொர்த்):
வேலை மாறுகிறேன், பாயான் லெப்பாஸ் பக்கம். முகநூலிலும் லிங்க்ட்இனிலும் போட இப்படி எழுதி வைத்திருக்கிறேன். பெருமை அடிக்கிற மாதிரி இருக்கிறது என்கிறான் மச்சான். அப்படியா இருக்கிறது?

"இறைவன் அருளால் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். பால்மரம் வெட்டிய தாயின் மகன் இன்று ஒரு பன்னாட்டு நிறுவனத்தில் சீனியர் புரோசஸ் எஞ்சினியர்! எத்தனையோ பேர் மனுப் போட்டும் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். உதவிய அனைவருக்கும் நன்றி."

செந்தூல் கவி:
மச்சான் சொன்னது சரிதான். அந்தப் பால்மர வரியை முதலில் தூக்குங்கள். வாரம் தவறாமல் இப்படி ஒரு பதிவு வருகிறது. முதல் பாதியில் ஏழை அம்மா, அடுத்த பாதியில் பதவி. படிக்கிறவனுக்குத் தெரியாதா யாரைப் பாராட்டச் சொல்கிறார்கள் என்று?

கிள்ளான் எஸ்டேட்காரன்:
தூக்கச் சொல்ல நீ யாரம்மா? விடியும் முன்னே பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்கிய பெண்களைப் பார்த்திருக்கிறாயா? மழை பெய்தால் அன்றைக்கு வெட்டு இல்லை, காசும் இல்லை. அதைச் சொன்னால் பெருமையா? தம்பி, எடுக்காதே.

செந்தூல் கவி:
என் பாட்டியும் தோட்டத்தில்தான் இருந்தார் அங்கிள். அவர் பட்ட பாட்டை வைத்து நான் லைக் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

தண்ணீர்மலை மணி:
ஆள் எடுக்கிற வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் இருவரும் பிடித்துக்கொண்டிருக்கும் வரியை விட உறுத்துவது "எத்தனையோ பேர் மனுப் போட்டும்" என்பதுதான். அதே வேலைக்கு மனுப் போட்டுக் கிடைக்காதவர் இவருடைய பழைய லைனிலேயே இருக்கலாம், அவரும் இதைப் படிப்பார். அதை எடுத்தாலே பாதிப் பெருமை போய்விடும்.

அடுத்தது "தாழ்மையுடன்". போனில் முதல் சில வரிகள்தான் தெரியும், மீதியைப் பார்க்கத் தட்ட வேண்டும். அந்த இடத்தை இறைவனும் தாழ்மையும் எடுத்துக்கொண்டால் என்ன வேலை, எங்கே என்பதே தெரியாது. செய்தியை முதலில் சொல்லிவிடுங்கள், பணிவு தானாக வரும்.

"அனைவருக்கும் நன்றி" என்பது யாருக்கும் போய்ச் சேராது. தம்பி, நிஜமாகவே உதவியவர்கள் யார், என்ன செய்தார்கள்? அதைச் சொல்லுங்கள்.

கிள்ளான் எஸ்டேட்காரன்:
எல்லாம் சரி. அம்மா வரி இருக்கிறதா இல்லையா? அதைச் சொல்லும்.

பினாங்கு முருகேசு:
பாயான் லெப்பாஸில் எந்தக் கம்பெனி தம்பி? ஆள் எடுக்கிறார்களா? என் மகன் டிப்ளோமா முடித்துவிட்டு வீட்டில்தான் இருக்கிறான். கார் லைசென்ஸ் உண்டு.

பாலம்தாண்டி:
மணி அண்ணே, மூன்று பேர். நேர்காணல் அன்று என் ஷிப்டைத் தான் எடுத்துக்கொண்ட ஒரு கூட்டாளி. உற்பத்தித் தரத்தைக் கண்காணிக்கிற எஸ்.பி.சி. சார்ட்டில் புள்ளிகள் எல்லைக்குள் இருந்தாலும் ஒரே பக்கமாக வரிசை கட்டினால் மெஷினைப் போய்ப் பார் என்று கற்றுத்தந்த சூப்பர்வைசர். அப்புறம் அம்மா. ஒட்டுப்பால் காசைத் தனியாகச் சேர்த்துவைத்துத்தான் என் டிப்ளோமாவுக்குக் கட்டினார்.

தண்ணீர்மலை மணி:
பாருங்கள், நல்லதையெல்லாம் வெளியே வைத்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள். இப்படி வைத்துப் பாருங்கள்:

"இந்த வாரம் பாயான் லெப்பாஸில் புரோசஸ் எஞ்சினியராகப் புது வேலையில் சேர்ந்தேன். சார்ட்டில் புள்ளிகள் எல்லை தாண்டும் முன்பே கவனிக்கக் கற்றுத்தந்த பழைய சூப்பர்வைசருக்கு நன்றி. கை கொடுத்த கூட்டாளிகளுக்கும் நன்றி. ஒட்டுப்பால் காசைச் சேர்த்து என்னை டிப்ளோமா படிக்கவைத்த அம்மாவுக்கு, இந்தச் சம்பளத்தில் முதல் செலவு."

ஷிப்டு மாற்றியதை வேண்டுமென்றுதான் எழுதவில்லை. அந்தக் கூட்டாளி இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார். "அன்றைக்கு நேர்காணலுக்காகவா மாற்றினீர்கள்?" என்று அவரைத்தான் கேட்பார்கள். அவருக்குப் போன் போட்டு நன்றி சொல்லுங்கள். சூப்பர்வைசர் பெயரையும் அவரிடம் கேட்டுவிட்டே போடுங்கள். "சீனியர்" உங்கள் புரொபைலில் இருக்கும், பதிவில் தேவையில்லை.

கிள்ளான் எஸ்டேட்காரன்:
அம்மாவைக் கடைசிக்குத் தள்ளிவிட்டீர்! சூப்பர்வைசர் முதலில், பெற்றவள் கடைசியில். இதுதான் ஆள் எடுக்கிறவர் படிப்பா? பால்மரம் என்ற சொல்லே காணோம்.

செந்தூல் கவி:
ஒட்டுப்பால் எங்கேயிருந்து வரும் அங்கிள், மாமரத்திலிருந்தா?

ஆனால் மணி அண்ணே, உங்கள் பதிவிலும் அம்மா இருக்கத்தான் செய்கிறார். எடுங்கள் என்று நான் சொன்னது அப்படியே நிற்கிறது.

தண்ணீர்மலை மணி:
முன்பு அவர் என்னவாக இருந்தார் என்பதை வைத்து மகன் எவ்வளவு உயர்ந்தான் என்று காட்டினார்கள். இப்போது அவர் செய்தது இருக்கிறது. எனக்கு இரண்டும் ஒன்றில்லை.

செந்தூல் கவி:
எனக்கு ஒன்றுதான்.

கெப்போங் ராஜா:
இந்தச் சண்டையெல்லாம் எதற்கு? கடிதத்தில் கையெழுத்துப் போட்டாகிவிட்டால் இன்றைக்கே போடலாம். சட்டப்படி எல்லாருக்கும் ஒரு மாத நோட்டீஸ், அதற்கு மேல் யாரும் பிடித்துவைக்க முடியாது.

தண்ணீர்மலை மணி:
கையெழுத்துப் போட்ட பிறகு என்பது சரி. ஒரு மாதம் என்பது சரியில்லை. முதலில் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதுதான். அதில் ஒன்றும் இல்லையென்றால் 1955 வேலைச் சட்டப்படி 2 வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 4 வாரம், 2 முதல் 5 வருடத்துக்குள் 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம். நோட்டீஸ் ஓடும்போது பதிவு போடுவதில் சட்டச் சிக்கலை விட மனச் சிக்கல்தான் அதிகம். என் மைத்துனர் அப்படிப் போட்டார், மேலாளருக்கு முன் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. கடைசி வாரங்களில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. புது இடத்தில் முதல் நாள் போய் உட்கார்ந்த பிறகு போடுங்கள் தம்பி.

பாலம்தாண்டி:
நோட்டீஸ் இன்னும் முடியவில்லை அண்ணே. அதுவரை புரொபைலை மாற்றலாமா?

தண்ணீர்மலை மணி:
வேண்டாம். அப்புறம் மாற்றும்போதும் வலைப்பின்னலுக்கு அறிவிப்பதா என்று ஒரு சுவிட்ச் கேட்கும், அதை அணைத்துவிட்டுச் சேமியுங்கள். இல்லையென்றால் உங்கள் பதிவுக்கு முன் அதுவே ஊரைக் கூட்டிவிடும். ஸ்டாஃப் பாஸைப் படம் எடுத்துப் போடாதீர்கள்.

கிள்ளான் எஸ்டேட்காரன்:
சுவிட்ச், பாஸ், சட்டம்! கேட்டது அம்மாவைப் பற்றி. தம்பி, அம்மா வரியை முதல் வரியாகப் போடு. நான் பகிர்கிறேன்.

செந்தூல் கவி:
போன தீபாவளிக்கு உங்கள் மகள் பட்டம் வாங்கியதை "எளிய குடும்பத்தின் சிறு மகிழ்ச்சி" என்று ஒன்பது படத்தோடு போட்டீர்களே, அதில் ஆறில் நீங்கள்தான் இருந்தீர்கள். அந்த ருசியில்தான் பேசுகிறீர்கள்.

கிள்ளான் எஸ்டேட்காரன்:
படத்தை எண்ணிக்கொண்டா இருந்தாய்? அப்போது வாழ்த்து ஒன்று போடவில்லை, எண்ண மட்டும் நேரம் இருந்தது. கோலாலம்பூர் ஆட்களே இப்படித்தான்.

செந்தூல் கவி:
கிள்ளான் என்ன வேறு நாட்டிலா இருக்கிறது?

பாலம்தாண்டி:
மணி அண்ணே எழுதியதில் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொள்கிறேன். முதல் செலவு என்ற வரி மட்டும் வேண்டாம், அம்மாவே கேலி செய்வார்.

கிள்ளான் எஸ்டேட்காரன்:
அதையும் எடுக்கிறாயா! அப்படியென்றால் பால்மரத்தைத் திரும்ப வை.

பினாங்கு முருகேசு:
தம்பி, கம்பெனி பேரைத் தனியாக மெசேஜில் அனுப்பு. மகனுக்கு ஷிப்டு பழக்கம் உண்டு.