ஒரு கிளாஸ் ஐஸ் கோப்பியை ஜக்குக்கு மாற்றும்போது ஐஸ் தண்ணீரை எப்படிக் கணக்கிடுகிறீர்கள்?

சிப்புட் செல்வி
போன மாதம் சொந்தக்காரர் வீட்டுப் பரிசத்துக்குப் போயிருந்தேன். பெரிய ஜக்கில் ஐஸ் கோப்பி கலக்கி, ஐஸையும் அதிலேயே கொட்டி, வாசல் கூடாரத்தில் வைத்திருந்தார்கள். முதல் வரிசையில் குடித்தவர்கள் ஆகா என்றார்கள். தட்டு மாற்றி முடித்து எங்கள் பக்கம் வந்தபோது அது பழுப்பு நிறத் தண்ணீர். அடுத்த வாரம் எங்கள் வீட்டிலும் ஒரு விசேஷம். 25 பேர் வருகிறார்கள், 30 கிளாஸ் என்று வைத்துக்கொள்கிறேன். எனக்கு ஒரு கிளாஸ் கலக்கத் தெரியும். அதை 30-ஆல் பெருக்கினால் போதுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வு கிராணி
இதில் என்னம்மா இருக்கிறது? எல்லாவற்றையும் 30-ஆல் பெருக்கு, கோப்பித்தூளை மட்டும் ஒன்றரை மடங்கு போடு. ஐஸ் உருகினால் சரியாகிவிடும். தோட்டத்தில் திருவிழாவுக்குக் கலக்கும்போது அப்படித்தான் செய்வோம். ஒருவரும் குறை சொன்னதில்லை.

கோப்பிக்கடை மகன்
ஐயா சொல்வதில் பாதி சரி. ஐஸ் தண்ணீருக்கு முன்கூட்டியே இடம் விட வேண்டும் என்பது உண்மை. ஆனால் தூளை மட்டும் ஏற்றினால் கசப்புதான் ஏறும். பாலும் இனிப்பும் அதே தண்ணீரில் நீர்த்துப் போகுமே! முதலில் குடிப்பவர் முகம் சுளிப்பார், கடைசியில் குடிப்பவருக்கு இனிப்பே இருக்காது. தூளைக் கூட்டாதீர்கள், தண்ணீரைக் குறையுங்கள்.

அப்பா கடையில் நான் பார்த்துப் பழகியது இது. சூட்டோடு ஐஸில் ஊற்றினால் ஐஸ் தாங்காது. அறைச் சூட்டில், அதாவது 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டரை 4 டிகிரிக்குக் கொண்டுவர 300 கிராமுக்கு மேல் ஐஸ் உருகியே ஆக வேண்டும். கால் பங்குக்கும் மேலே தண்ணீர் சேர்ந்துவிட்டது, பார்த்தீர்களா? அதே கோப்பியைக் குளிர்பெட்டியில் 6 டிகிரி வரை குளிர வைத்துவிட்டு ஐஸில் ஊற்றினால், மீதி 2 டிகிரிக்கு 25 கிராம் போதும். அதற்கப்புறம் உருகுவதெல்லாம் வெயிலின் வேலை. அதனால் ஜக்கில் ஐஸே போடாதீர்கள். ஜக் குளிர்ந்திருக்கட்டும், ஐஸ் கிளாஸில் இருக்கட்டும்.

பிளெண்டர் அக்கா
நான் வாழைப்பழ மில்க்‌ஷேக்தான் கொடுப்பேன், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் ஒரு தொல்லை. நுரையோடு ஜக் நிறைய இருக்கும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஜக் குறைந்திருக்கும், யாரும் குடித்திருக்க மாட்டார்கள்! நான் என்னவோ பிளெண்டர் ஓட்டைதான் என்று நினைத்தேன். ஐஸை எந்த நேரத்தில் போடுகிறீர்கள்?

கோப்பிக்கடை மகன்
அக்கா, அது வேறு கதை. பிளெண்டர் காற்றை ஏற்றுகிறது, காற்று போனால் அளவும் இறங்கும். ஐஸ்கிரீம் சேர்த்தால் அதிலும் காற்று நிறைய உண்டு. நொறுங்கிய ஐஸ் உடனே உருகிவிடும், எனவே மில்க்‌ஷேக்கை ஜக்கில் காத்திருக்க வைப்பது கஷ்டம். பழத்தை உறைய வைத்துவிட்டு ஐஸ் இல்லாமல் அடியுங்கள், வேண்டும்போது கொஞ்சம் கொஞ்சமாக அடிப்பதே நல்லது.

செல்வி அக்காவுக்கு இப்போது கணக்கு. முதலில் வீட்டில் ஒரு சோதனை. கொடுக்கப்போகும் கிளாஸிலேயே 120 கிராம் ஐஸ் போட்டு, குளிர்ந்த கோப்பி 160 மில்லி ஊற்றி, 15 நிமிடம் வெளியே வையுங்கள். பிறகு ஐஸை வடிகட்டி, நீரை மட்டும் அளந்து பாருங்கள். 200 மில்லி வந்தால் 40 மில்லி உருகியிருக்கிறது. அந்த முழு 40-ஐயும் கழிக்காதீர்கள், முதல் வாய் கஷாயமாகிவிடும். பாதி, 20 மில்லி கழித்தால் போதும்.

உங்களுக்கு ஐஸ் இல்லாமல் சுவையாக இருக்கும் அளவு கிளாஸுக்கு 180 மில்லி என்று வைப்போம். கோப்பி டிக்காஷன் 100, பால் 60, டின் பால் 20. இதில் டிக்காஷனிலிருந்து 20-ஐ எடுத்தால் 80. தூள் 10 கிராம் அப்படியே. 30 கிளாஸுக்கு 300 கிராம் தூள், டிக்காஷன் 2.4 லிட்டர், பால் 1.8 லிட்டர், டின் பால் 600 மில்லி. மொத்தம் 4.8 லிட்டர், இரண்டு பெரிய ஜக். டின் பால் கனமானது, 600 மில்லி கிட்டத்தட்ட 780 கிராம் வரும். டின்னில் எழுதிய எடையைப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு விஷயம், 2.4 லிட்டர் வேண்டுமென்றால் 2.4 லிட்டர் கொதிநீர் ஊற்றக் கூடாது. சக்கை தன் எடையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அதனால் 3 லிட்டர் ஊற்றுங்கள். வடிகட்டும் பையைப் பிழியாதீர்கள், வண்டல் இறங்கும்.

சிப்புட் செல்வி
தம்பி, இந்தச் சக்கைக் கணக்கு எனக்குத் தெரியவே தெரியாது. டின் பாலைச் சூட்டிலேயே கலக்கிவிடலாமா? எங்கள் மாமியார் எல்லாம் ஆறின பிறகுதான் என்பார்.

கோப்பிக்கடை மகன்
சூட்டிலேயே கலக்குங்கள், ஆறினதில் அடியில் தங்கும். மற்றப் பாலைக் காலையில் குளிர்ந்ததாகச் சேருங்கள். முந்தின நாள் மாலையே வடித்து, இரண்டு மூன்று அகலமான பாத்திரங்களில் பிரித்து, தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஆறவிட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். ஒரே பானையில் வைத்தால் நடுப்பகுதி விடியும்வரை குளிராது. பால் சேர்த்த ஜக்கை வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள், நம் வெயிலுக்கு அது போதும். ஒரு ஜக் வெளியே, இன்னொன்று உள்ளே.

இனிப்பைக் குளிர்ந்த பிறகே சுவைத்துப் பாருங்கள். சூட்டில் சரியாக இருப்பது குளிரில் குறைவாகத் தெரியும்.

ஓய்வு கிராணி
அது சரி தம்பி, ஆனால் பெரிய கட்டி ஐஸைப் பாத்திரத்தில் போட்டால் மெதுவாகத்தான் உருகும். இந்தக் கடையில் விற்கிற ஓட்டை ஐஸ்தான் கைக்கு வருவதற்குள் தண்ணீராகிறது.

கோப்பிக்கடை மகன்
மெதுவாக உருகும், ஒப்புக்கொள்கிறேன் ஐயா. ஆனால் உருகாத ஐஸ் அவ்வளவாகக் குளிர்விக்காது. ஏற்கெனவே குளிர்ந்த பானத்தில் கட்டி ஐஸ் போட்டால் உங்கள் வழி நன்றாக ஓடும். ஓட்டை ஐஸ் என்றால் பையை அவிழ்த்ததும் துளை போட்ட கூடையில் கொட்டி நீரை வடித்துவிடுங்கள். அந்த ஈரம் கிளாஸில் போகக் கூடாது. 30 கிளாஸுக்கு 3.6 கிலோ, காத்திருக்கும்போது உருகுவதற்கும் சேர்த்து 6 கிலோ வாங்குங்கள்.

பிளெண்டர் அக்கா
கோப்பியையே ஐஸ் அச்சில் உறைய வைத்துப் போட்டால் தண்ணீர்ப் பிரச்சினையே இல்லையே?

கோப்பிக்கடை மகன்
சில பேருக்குப் பிடிக்கும். அது செய்தால் அந்த 20 மில்லியைக் கழிக்காதீர்கள், கிளாஸ் போகப் போகக் கடுப்பாகும். 30 கிளாஸுக்கு எத்தனை அச்சு வேண்டும், உங்கள் குளிர்பெட்டியில் எவ்வளவு இடம் என்று பாருங்கள்.

சிப்புட் செல்வி
அச்சுக்கு இடம் இல்லை, கறியே உள்ளே இருக்கிறது. ஐஸைக் கிளாஸில் போட்டுக் கொடுக்கச் சின்ன மகனை நிறுத்தப் போகிறேன். கிளாஸ் பாதிக்கு மேல் ஐஸ் போடாதே என்று சொல்லி வைக்க வேண்டும். கிராணி ஐயா, உங்கள் கட்டி ஐஸ் எங்கே கிடைக்கும் என்று மட்டும் சொல்லுங்கள், இரண்டையும் வைத்துப் பார்க்கிறேன்.