காலையில் மட்டும் சிவப்பு எச்சரிக்கை தரும் இரத்த அழுத்தச் செயலி: விதியை எப்படி மாற்றுவது?

உதகைமகள்:
வணக்கம். உதகை அருகே தலைகுந்தாவில் தனியாக வசிக்கும் என் அம்மாவுக்கு வயது 63; சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருக்கின்றன. நான் கோவையில் இருப்பதால், அவர் கைக்கருவியில் பார்க்கும் அளவை எனக்கும் அனுப்பும் சிறிய செயலி ஒன்றை நானே எழுதிக் கொடுத்தேன். அதிலுள்ள விதி இவ்வளவுதான்:

```
if (sys >= 140) sendAlert();
```

ஜனவரி பிறந்ததிலிருந்து காலை 5.30 மணிக்கெல்லாம் எச்சரிக்கை வந்துவிடுகிறது. கடந்த மூன்று நாள்களில் காலை அளவுகள் 164/96, 158/92, 166/94. மாலையிலோ 128/78-ஐ ஒட்டியே இருக்கிறது. திரையில் சிவப்பைக் கண்டு பயந்த அம்மா, நேற்று ஒரு மாத்திரையைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டு, நண்பகலில் எழுந்து நின்றபோது தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். பிழை கருவியிலா, என் விதியிலா?

குன்னூர்க்காரர்:
கருவியில் பிழை இருக்காது. குளிரில் இரத்த நாளங்கள் சுருங்குவதால் அழுத்தம் ஏறுவது இயல்பே. மலை உயரமும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே காலை அளவில் 20 குறைத்துக் கணக்கிடுமாறு செயலியை மாற்றிவிடுங்கள், எச்சரிக்கை நின்றுவிடும்.

கோத்தகிரி செவிலியர் (ஓய்வு):
குளிரைப் பற்றி அவர் சொன்னது சரி. குறைத்துக் கணக்கிடச் சொன்னது சரியல்ல. அளந்த எண்ணை எந்தச் செயலியும் திருத்தக் கூடாது. அம்மா ஆண்டுக்கணக்காக அங்கேயே வாழ்கிறவர் என்பதால் உயரத்தைக் காரணமாக்கிக் கழிக்கவும் இடமில்லை.

முதலில் ஒன்றைக் கேட்கிறேன்: அவர் எங்கே, எப்படி உட்கார்ந்து பார்க்கிறார்?

உதகைமகள்:
தொலைபேசியில் விசாரித்தேன். எழுந்தவுடன், அடுப்பு மூட்டும் முன்பே, சமையலறை முக்காலியில் உட்கார்ந்து, ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டிவிட்டு ஒரே ஒரு முறை பார்க்கிறாராம். கழிவறைக்குப் போவதும் அதற்குப் பிறகுதானாம்.

கோத்தகிரி செவிலியர் (ஓய்வு):
அப்படியானால் அளக்கும் முறையிலேயே பாதிக் காரணம் இருக்கிறது. சுருட்டிய கம்பளிக் கை மேற்கையைக் கட்டுப்போல் இறுக்கும். நிறைந்த சிறுநீர்ப்பை, முதுகுக்குச் சாய்மானம் இல்லாத முக்காலி, குளிர்ந்த அறை ஆகிய ஒவ்வொன்றும் தன் பங்குக்கு அளவைக் கூட்டும். கழிவறைக்குப் போய்வந்து, சூடான அறையில் சாய்மானமுள்ள நாற்காலியில் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, ஒரு கையை ஸ்வெட்டரிலிருந்து முழுவதும் வெளியே எடுத்து, அதை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்துப் பார்க்கட்டும். காலை மாத்திரைக்கு முன்பே பார்க்க வேண்டும்.

செயலியில் மாற்ற வேண்டியது வேறு. காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிட இடைவெளி விட்டு ஏழு நாள் பதியச் செய்யுங்கள். முதல் நாளைத் தள்ளிவிட்டு மற்ற ஆறு நாள்களின் சராசரியைக் காட்டுங்கள். வீட்டில் எடுக்கும் சராசரிக்கு 135/85 என்பதே வழக்கமான எல்லைக்கோடு. சர்க்கரை உள்ளவருக்கு மருத்துவர் இன்னும் குறைவாகச் சொல்லலாம் என்பதால் அந்த எண்ணை நிரலில் பதித்துவிடாமல், மாற்றக்கூடிய கட்டமாக வையுங்கள். ஒற்றை அளவுக்கு உடனடி எச்சரிக்கை என்பது 180/120-ஐத் தொட்டால் மட்டும் போதும். அப்போதும் சில நிமிடம் கழித்து மீண்டும் பார்க்கச் சொல்ல வேண்டும். நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், கைகால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மறு அளவுக்குக் காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும். எந்தத் திரையிலும் "கூடுதல் மாத்திரை வேண்டாம்" என்ற வரி கண்ணில் படட்டும்.

கொடைவாசி:
எனக்கு இதே செயலிச் சிக்கல் சர்க்கரையில் வந்தது. விடிகாலைக் குளிரில் என் குளுக்கோமீட்டர் எண்ணுக்குப் பதிலாக வெப்பமானிக் குறியைக் காட்டும். நான் பயன்படுத்திய செயலி அதை 0 என்று பதிந்து, உடனே சர்க்கரை சாப்பிடும்படி சொன்னது! கருவியை அரை மணி நேரம் சூடான அறையில் வைத்த பிறகே பார்க்கிறேன். உங்கள் அம்மாவின் கருவியும் குளிரில் உறைந்திருக்கலாமே?

உதகைமகள்:
எங்களுடையது இரத்த அழுத்தக் கருவி. பிழைக்குறி எதுவும் வரவில்லை. ஆனால் எண் வராத இடத்தில் 0 பதியும் அதே தவறு என் நிரலிலும் இருந்தது. திருத்திவிட்டேன், நன்றி.

உதகைமகள் (எட்டு நாள் கழித்து):
சொன்னபடியே செய்தோம். ஆறு நாள் சராசரி 134/82. எல்லைக்குள் இருப்பதால் பச்சை காட்டுகிறது. நிம்மதி.

கோத்தகிரி செவிலியர் (ஓய்வு):
காலையையும் மாலையையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தீர்களா?

உதகைமகள்:
இப்போதுதான் பிரித்தேன். காலை 141/86, மாலை 127/78.

கோத்தகிரி செவிலியர் (ஓய்வு):
பச்சை நிறம் மறைத்தது இதைத்தான். முன்பிருந்த 160-ஐ ஒட்டிய அளவு இறங்கியதில் அளக்கும் முறைக்குப் பெரும் பங்கு உண்டு. எஞ்சிய காலை உயர்வு குளிராலா, முந்தைய நாள் மாத்திரையின் வேகம் விடிகாலைக்குள் தீர்ந்துபோவதாலா என்பதை இந்த எண்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இரண்டு சராசரிகளையும் தனித்தனியே காட்டும்படி திரையை மாற்றி, மாத்திரை போடும் நேரத்தையும் சேர்த்து ஒரே தாளில் அச்சிட்டு மருத்துவரிடம் கொடுங்கள்.

குன்னூர்க்காரர்:
மார்ச்சில் குளிர் விட்ட பிறகு இன்னொரு வாரம் அளந்து இங்கே பதியுங்கள். குளிர்தான் காரணம் என்ற என் எண்ணத்தை நான் இன்னும் விடவில்லை.